வாளியை விட்டு இறங்க முடியாத மூன்று நிமிடம்

எங்கள் யூடியூப் காமெடி சேனலில் நடிக்க ஆட்கள் மூன்றே பேர். நான், என் மச்சான், பக்கத்துக் காம்பராப் பெரியம்மா. இடம் என்று பார்த்தால் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசையின் கோடிக் காம்பரா, அதன் முன்திண்ணையான இஸ்தோப்பு. உள்ளே எடுக்கலாம் என்றால் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. போனை ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தால் அடுப்பில் முட்டும். ஆகவே இஸ்தோப்பும், அதன் இரண்டு படியும், கீழே இருக்கும் வாசலும்தான் எங்கள் உலகம்.

ஆறு வீடியோ போட்டிருந்தோம். ஆறிலும் ஆட்கள் நின்று பேசிக்கொண்டே இருப்பார்கள். ஏழாவதை ஒழுங்காக எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். இது அந்த ஏழாவதின் கதை.

முதல் எழுத்து சி.ஆர். கொப்பியில் ஏழு பக்கம் வந்தது. கொழும்பில் கடை வேலைக்காக முதலாளியின் போனுக்குக் காத்திருக்கும் ஒரு பையன். சிக்னல் இல்லை. அதைப் பற்றி மாமாவோடு வாக்குவாதம். நடுவில் சம்பளத்தைப் பற்றி ஒரு கவுன்டர், வாக்குக் கேட்டு வருகிறவர்களைப் பற்றி ஒன்று, ஒரு பிள்ளையோடு ரகசியப் பேச்சு, கடைசியில் பொய் சொல்லக் கூடாது என்று ஒரு புத்திமதி. எழுதும்போது எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. மூன்று பேரும் படியில் உட்கார்ந்து, போனில் நேரம் வைத்து, சத்தமாக வாசித்தோம். ஆறு நிமிடம் பத்து செக்கன். சிரிப்பு வந்தது இரண்டே இடத்தில். அதில் ஒன்று மச்சான் ஒரு சொல்லைத் தப்பாக வாசித்ததற்கு.

நீளம்தான் கோளாறு என்று நினைத்து வெட்ட ஆரம்பித்தேன். அப்போது பெரியம்மா கேட்டார்: “அவன் எதுக்கு அங்கயே நிக்கிறான்? மாமன் பேச்சு புடிக்கலன்னா வீட்டுக்குள்ள போக வேண்டியதுதானே?”

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு காட்சி சலித்தால் அடுத்த இடத்துக்குத் தாவலாம். எங்களுக்கு அடுத்த இடம் கிடையாது. நடிகர் அதே படியில்தான் நிற்க வேண்டும். அப்படி நிற்க வேண்டிய கட்டாயம் கதைக்குள்ளேயே இல்லாவிட்டால், நாங்கள் வசதிக்காக நிற்க வைத்திருக்கிறோம் என்பது பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் எத்தனை கவுன்டர் போட்டாலும் அது இரண்டு பேர் மாறி மாறிப் பேசுவதாகத்தான் இருக்கும். எனவே இரண்டு கேள்விக்குப் பதில் இல்லாமல் இனி ஒரு வசனமும் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இவனால் ஏன் இங்கிருந்து போக முடியாது? இங்கேயே இருப்பதால் இவனுக்கு என்ன வலி?

முதல் கேள்விக்குப் பதில் வாசலிலேயே கிடந்தது. எங்கள் லயத்தில் சிக்னல் பிடிப்பது கோடிப் பக்கம், பள்ளத்தாக்கு திறக்கும் மூலையில் மட்டும்தான். அங்கேயும் கொஞ்சம் உயரம் வேண்டும். 2020, 2021-இல் பள்ளிக்கூடம் பூட்டியிருந்த காலத்தில் பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்காகத் தேயிலை மலை உச்சிக்கு ஏறினார்கள். எங்கள் வீட்டுச் சின்னதுகள் கோடியில் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி நின்று படித்தன. அந்த வாளியைக் கதைக்குள் கொண்டுவந்தேன். வாளிமேல் நின்றால் போன் பேசும். இறங்கினால் கட். இதற்கு வாளிச் சட்டம் என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் பழைய ஏழு பக்கத்துக்குள் ஒரு மூலையில் இருந்தது. பையன் முதலாளியிடம் ஒரு சின்னப் பொய் சொல்வான்: “வந்துக்கிட்டேதான் இருக்கேன்.” அதை இழுத்துப் பெரிதாக்கினேன். காலையிலேயே பெட்டாக் கடைக்கு வந்து சேரச் சொல்லியிருக்கிறார் முதலாளி. பையன் இரவு பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டான். இப்போது போன் வருகிறது. வந்து இறங்கிவிட்டேன் என்கிறான். நிற்பது லயத்து இஸ்தோப்பில், ஒரு வாளிமேல். சுற்றிலும் கேட்பதெல்லாம் தோட்டத்துச் சத்தம். இறங்கிப் போய் அந்தச் சத்தத்தை நிறுத்த முடியாது, இறங்கினால் கட். வாளியும் பொய்யும் சேர்ந்த பிறகு நான் வசனத்தைத் தேடிப் போகவே இல்லை, அதுவாக வந்தது. சம்பளக் கவுன்டரும் வாக்கு கவுன்டரும் ரகசியப் பிள்ளையும் அன்றைக்கே போய்விட்டார்கள். நல்ல கவுன்டர்கள்தான். ஆனால் வாளிக்கும் பொய்க்கும் அவற்றால் ஒரு வேலையும் இல்லை.

அடுத்த தலைவலி, வாளிச் சட்டத்தைப் பார்க்கிறவருக்கு எப்படிப் புரிய வைப்பது. முதலில் மாமா வாயில் போட்டிருந்தேன்: “நம்ம லயத்துல இந்த வாளி மேல ஏறினாத்தான் சிக்னல் வரும்னு ஒனக்குத் தெரியாதா?” தெரிந்தவனிடம் தெரிந்ததையே சொல்லும் வசனம். இது யாருக்காகச் சொல்லப்படுகிறது என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதை அடித்துவிட்டு அசைவாக எழுதினேன். மச்சான் தரையில் நின்று “ஹலோ? ஹலோ?” என்கிறான். வாளிமேல் ஏறுகிறான். “ஆ, சொல்லுங்க மொதலாளி.” கால் மரத்து ஒரு காலைக் கீழே வைக்கிறான். “ஹலோ? ஹலோ?” மறுபடி ஏறுகிறான். “ஆ, கேக்குது.” இவ்வளவுதான், பன்னிரண்டு செக்கன். இரண்டு முறை காட்டினால் போதும். மூன்றாவது முறை அவன் காலைக் கீழே வைக்கப் போகும்போது பார்க்கிறவரே “டேய், எறங்காத” என்பார். ஒருமுறை மட்டும் காட்டிப் பார்த்தோம், பெரியம்மாவின் பேரனுக்கே புரியவில்லை. மூன்று முறை காட்டினால் இழுவையாக இருந்தது.

முதலாளிக்கு ஆள் இல்லை. குரலாவது போடலாமா என்று யோசித்தோம். மூன்று பேரின் குரலும் எல்லோருக்கும் தெரிந்தது, கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் முதலாளி பேசுவது கேட்கவே கேட்காது என்று முடிவு செய்தோம். ஒருபக்கப் போன் பேச்சு எழுதுவது லேசு என்று நினைத்தால் ஏமாந்தோம். முதலில் நான் எழுதியது இப்படி:

“என்ன மொதலாளி, எங்க இருக்கேன்னு கேக்குறீங்களா? பெட்டாவுல இருக்கேன். என்னது, பஸ்ஸ விட்டு எறங்கியாச்சான்னா? ஆமா எறங்கிட்டேன்.”

உலகத்தில் யாரும் போனில் இப்படிப் பேசுவதில்லை. கேள்வியைத் திருப்பிச் சொல்லாமல், பதிலுக்குள்ளேயே கேள்வி தெரியும்படி எழுத வேண்டும். மாற்றிய பிறகு:

“பெட்டாவுலதான் மொதலாளி. இந்தா, இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்குனேன்.”

அதே சங்கதி, பாதி நீளம். முழு ஸ்கிரிப்டிலும் முதலாளி சொன்னதைப் பையன் திருப்பிச் சொல்லக் கூடாது என்று கொப்பியின் ஓரத்தில் எழுதிவைத்தேன். ஒரே ஒரு இடத்தில் அதை மீறினேன், அது கடைசியில் வரும்.

சரி, சத்தங்கள். மூன்று வைத்துக்கொண்டேன். மாமா கவ்வாத்துக் கத்தி தீட்டும் சத்தம், சேவல், பையனின் அப்பாயி. முதல் வரிசையில் அப்பாயி முதலில், சேவல் கடைசியில். நடித்துப் பார்த்தால் அப்பாயி வந்துபோனதும் காட்சி படுத்துவிட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மாலை ஆனது. கத்தி தீட்டும் மாமாவை நிறுத்தச் சொல்லிக் கண்ணைக் காட்டலாம், அவரும் நிறுத்துவார். சேவலுக்குக் கண்ணைக் காட்ட முடியாது. ஆனால் சேவல் கூவிவிட்டுத் தன் வழியே போகும். அப்பாயியோ திருப்பிக் கேள்வி கேட்பார். சத்தத்தின் அளவைப் பார்த்து வரிசைப்படுத்தக் கூடாது. எது எது அவன் கையை மீறிக்கொண்டே போகிறது என்று பார்த்து அடுக்க வேண்டும். அப்படி அடுக்கியதும் படிப்படியாக ஏறியது.

கொப்பியில் கடைசியாக நின்ற பக்கம் இது. மச்சான்தான் தம்பி, நான் மாமா, பெரியம்மா அப்பாயி.

தம்பி: பெட்டாவுலதான் மொதலாளி. இந்தா, இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்குனேன்.
(மாமா படியில் குந்தி, கவ்வாத்துக் கத்தியைக் கல்லில் ஒரு இழுப்பு. கிரீச். ஒரு மூச்சு நேரம்.)
தம்பி: பிரேக்கு மொதலாளி. பழைய பஸ்ஸு.
(மாமாவுக்குக் கண்ணைக் காட்டுகிறான். மாமா கத்தியை மடியில் வைக்கிறார். சேவல். இரண்டு மூச்சு நேரம்.)
தம்பி: கோழிக் கடை ஓரமா நிக்கிறேன்.
அப்பாயி: (வாசலில் இருந்து) டேய், பீலியில தண்ணி வந்துருச்சு. வாளியக் குடு.
தம்பி: …தண்ணி விக்கிற கெழவி மொதலாளி. போத்தல் தண்ணி.
(அப்பாயி நடையை நிறுத்துகிறார்.)
அப்பாயி: கெழவியா?

இந்த அப்பாயி வசனத்துக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. என் முதல் எழுத்தில் அப்பாயி போனைக் காதில் தலைகீழாக வைத்துக்கொண்டு “உள்ளுக்குள்ள யாருடா இருக்கா?” என்று கேட்பார். பெரியம்மா வாசித்துவிட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தார். “நான் தினம் ராவைக்கு டுபாய்ல இருக்குற மகளோட வீடியோவுல பேசுறேன். என்னைய மடச்சியாக்கித்தான் நீ சிரிக்க வைக்கணுமா?” வாய் திறக்க முடியவில்லை. தோட்டத்துக் கிழவிக்கு ஒன்றும் தெரியாது என்பது வெளியில் இருந்து பார்க்கிறவன் போடும் கவுன்டர். அதை நானே போட்டிருந்தேன். அப்பாயியை அந்த மூன்று பேரிலும் கெட்டிக்காரியாக மாற்றியதும் கதைக்கு இன்னொரு லாபம் கிடைத்தது. அவருக்கும் ஒரு தேவை வந்தது. பீலியில் தண்ணீர் வருவது காலையில் கொஞ்ச நேரம்தான், அவருக்கு வாளி அவசரம். பையன் நிற்பதற்கு வேண்டிய அதே வாளி, அவருக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும். இனி யாரும் சும்மா வந்து கவுன்டர் சொல்லிவிட்டுப் போகவில்லை.

“கெழவியா?”வுக்குப் பிறகு என்ன என்பதில் நின்றுவிட்டேன். அப்பாயி கோபத்தில் வாளியை உருவுகிறார், பையன் விழுகிறான் என்று எழுதியிருந்தேன். விழுந்தால் சிரிப்பு வரும், ஆனால் அதோடு சரி. ஒத்திகையில் மச்சான் வாளிமேல் நின்றபடி பெரியம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். பெரியம்மா ஒன்றும் பேசாமல் உள்ளங்கையை நீட்டினார். இது கொப்பியில் இல்லை. மச்சான் சட்டைப்பையில் இருந்த நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தான். நீட்டிய கை இறங்கவில்லை. இன்னொரு நூறு. அதை இடுப்பில் சொருகிக்கொண்டு, தொண்டையைச் செருமி, பெரியம்மா கத்தினார் பாருங்கள்: “தெஹிவள, வெள்ளவத்த, பம்பலப்பிட்டி, வா வா வா! உள்ளுக்குப் போ, உள்ளுக்குப் போ!” அசல் பஸ் கண்டக்டர். நான் மடியில் இருந்த கத்தியை மறந்து எழுந்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரியே முடிவும் வந்தது. பழைய முடிவில் முதலாளியே வாசலில் வந்து நிற்பார். அதற்கு நாலாவது ஆள் வேண்டும், அதுவும் கடைசி பத்து செக்கனுக்கு. அதைவிட அவரைப் போனிலேயே வைத்து, பையனின் பொய்யையே அவனுக்கு எதிராகத் திருப்புவது சுலபம். முதலாளி அன்றைக்கு ஒரு கலியாணத்துக்காக மலைநாட்டுக்கு, எங்கள் பக்கத்து அட்டனுக்கே வந்திருக்கிறார். பையன் வீட்டில் இருந்திருந்தால் போகும்போது தன் வேனிலேயே கூட்டிப்போயிருப்பார்.

தம்பி: ஆ?… அட்டன்லயா?
(நீண்ட நேரம் ஒன்றும் இல்லை.)
தம்பி: இல்ல மொதலாளி, நான்… பெட்டாவுல…
(அப்பாயியைப் பார்க்கிறான். அப்பாயி அவனைப் பார்க்கிறார்.)
அப்பாயி: அட்டன், அட்டன், அட்டன், அட்டன்! ஏறு ஏறு ஏறு!
(வாளியைத் தட்டுகிறார். தம்பி இறங்குகிறான். அப்பாயி வாளியோடு பீலிக்குப் போகிறார்.)

“அட்டன்லயா?” என்பதுதான் நான் மீறிய இடம். அதுவரை முதலாளி சொன்ன எதையும் பையன் திருப்பிச் சொல்லாததால், இந்த ஒரு சொல் மட்டும் தனியாகக் கேட்கிறது. புத்திமதி வரியை அப்புறம் யாரும் கேட்கவில்லை.

இப்போது வாசித்தால் இரண்டு நிமிடம் இருபது. நடித்தால் இரண்டு நிமிடம் ஐம்பது. வித்தியாசம் முழுவதும் அந்த மூச்சு நேரங்கள். யூடியூப் ஷோர்ட்ஸ் 2024 ஒக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை விடுகிறது. ஆகவே பத்து செக்கன் கையிருப்பு. ஒத்திகையில் மச்சான் அவசரப்பட்டுச் சேவல் கூவியதும் பதில் சொல்லிவிடுவான். அப்படிச் சொன்னால் சிரிப்பு வராது. சேவல் கூவுகிறது, அவன் முகத்தில் அடுத்த பொய்யைத் தேடுகிறான், அந்தத் தேடலில்தான் சிரிப்பு. பொய் அதற்கு முடிச்சு மட்டும். “இரண்டு மூச்சு” என்று எழுதியது இதற்காகத்தான். செக்கன் எழுதினால் நடிகர் எண்ணுவார், எண்ணுவது முகத்தில் தெரியும். மூச்சு என்றால் உண்மையிலேயே மூச்சு விட்டுவிட்டுப் பேசுகிறான்.

போனை நெட்டுக்கு நிறுத்தி எடுத்ததால் மூன்று பேரைப் பக்கம் பக்கமாக நிறுத்த முடியாது. முந்திய ஆறு வீடியோவிலும் யாராவது ஒருவரின் தோள் வெட்டுப்பட்டிருக்கும். இதில் வாளி உதவிக்கு வந்தது. மேலே இஸ்தோப்பில் வாளிமேல் மச்சான், அவன் முழங்காலுக்குக் கீழே படியில் குந்தியிருக்கும் நான், வாசலில் பெரியம்மா. மூன்று பேரும் மூன்று உயரத்தில் ஒரே பிரேமுக்குள் அடங்கினோம். எழுதும்போதே யார் எந்த மட்டத்தில் என்று குறித்துவைத்தால் கெமராவைத் தொடவே வேண்டாம் என்பது அப்போதுதான் உறைத்தது.

எடுக்கும் நாளில் கெட்டுப்போனவை பல. முதலில் வாளி. 20 லீற்றர் பெயின்ட் வாளி என்றாலும் அடிப்பக்கம் பெரிய ஆள் நிற்பதற்குச் செய்ததில்லை. மூன்றாவது டேக்கில் “டப்” என்று ஒரு சத்தம், மச்சானின் குதி உள்ளே போய்விட்டது. நல்லவேளை காலில் கீறல் மட்டும். வேறொரு வாளியைப் புளொக் கல்லின்மேல் கவிழ்த்து, அடி கல்லில் நன்றாகப் படியும்படி இடையில் பலகைத் துண்டு வைத்தோம். அப்படி வைத்தால் கடைசியில் அப்பாயி வாளியைத் தூக்கும்போது கல் தெரியும். அதனால் “ஏறு ஏறு ஏறு” வரை ஒரு டேக், கல்லை எடுத்துவிட்டு வாளியைத் தூக்கிப்போவது தனி டேக். இடையில் மச்சானின் அதிர்ந்த முகம் கிட்டத்தில். ஒட்டுப் போட்டது தெரியவில்லை.

சேவல் மதியம் வரை வாய் திறக்கவில்லை. பெரியம்மாவின் சேவல், பெரியம்மா சொன்னாலும் கேட்காது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து அதன் சத்தத்தைத் தனியாகப் பதிந்து, பிறகு சேர்த்தேன். நடிக்கும்போது சேவல் வரும் இடத்தில் நான் முழங்கையால் படியை ஒரு தட்டு தட்டுவேன், மச்சானுக்கு அதுதான் சைகை.

மழை வேறு. தென்மேற்குப் பருவத்தில் எங்கள் பக்கத்தில் மழையில்லாத பகலைத் தேடிப் பிடிக்க வேண்டும். தகரக் கூரையில் தூறல் விழுந்தாலே கொலர் மைக்கில் பொரிகடலை வறுக்கிற சத்தம்தான் கேட்கும். மழைக்கும் பையனை ஒரு பொய் சொல்ல வைக்கலாமே என்று மச்சான் கேட்டான். யோசனை நல்லதுதான், ஆனால் ஒரு டேக்கில் மழை, அடுத்ததில் வெயில் என்றால் ஒட்டாது. கதை இடைவெளி இல்லாமல் ஒரே நேரத்தில் நடப்பதால் வெளிச்சமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இரண்டு மணிக்கு மேல் பனி ஏறி எதிர்மலை காணாமல் போய்விடும். ஆகவே இரண்டு ஞாயிறு, காலை எட்டு முதல் பதினொன்று வரை மட்டும் எடுத்தோம்.

போடுவதற்கு முன் லயத்து ஆட்களுக்கு இஸ்தோப்பிலேயே காட்டினோம். இரண்டாவது தடவை மச்சான் காலைக் கீழே வைத்ததுமே பொடிசுகள் “ஏறு, ஏறு” என்று கத்தின. எதிர் வீட்டு அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மொதலாளி கொரலு யாருடா குடுத்தது? கண்டியாள் மாதிரி இருந்துச்சு” என்று கேட்டார். குரலே இல்லை என்றேன். நம்பவில்லை, இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

அடுத்த மாதம் அதே வாளியை வைத்து இன்னொன்று எழுதினேன். போனில் பெண் பார்க்கும் பேச்சு. வாளிச் சட்டம் இருந்தது, பையனுக்கு மறைக்க ஒன்றும் இல்லை. ஐந்து பக்கம் எழுதி, வாசித்து, கிழித்தாயிற்று. இப்போது ஒரே குடையும் மூன்று பேரும் என்று ஒன்றை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். குடையை விட்டு ஏன் போக முடியாது என்பது தெரியும், மழை. குடைக்குள் நிற்பதில் யாருக்கு என்ன வலி என்பதுதான் இன்னும் கிடைக்கவில்லை.

உடைந்த வாளி பெரியம்மாவுடையது. புதிது வாங்கிக் கொடுத்தாயிற்று. ஒத்திகையில் அவர் இடுப்பில் சொருகிய இருநூறு ரூபாயை மச்சான் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் பெரியம்மா உள்ளங்கையை நீட்டுகிறார்.